பெரிய பதவியில் இருந்தவர் சின்ன வேலைக்கு விண்ணப்பிக்கும்போது: கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்து ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: சென்னையில் ஒரு கிடங்கில் ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருந்தேன். வயது 46. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஸ்டாக் இன்சார்ஜ் வேலைக்குப் போனேன். "உங்க அளவுக்கு இங்க வேலை இல்லையே சார்" என்று அனுப்பிவிட்டார்கள். பயோடேட்டாவை அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

படித்துப் பார்த்தேன் சார். மூன்று பக்கம். முதல் பக்கம் முழுக்க நீங்கள் எத்தனை பேரை நிர்வகித்தீர்கள், எந்தெந்த ஊர்க் கிளைகளைத் திறந்தீர்கள் என்றே இருக்கிறது. நெல் மூட்டையை எண்ணத் தெரியுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆலை முதலாளிக்கு அதுதான் முதல் கேள்வி.

அவர் மனதில் மூன்று பயம் இருந்திருக்கும். தை மாதம் சம்பா அறுவடை வந்து லாரி வரிசை கட்டி நிற்கும்போது இவர் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவாரோ? ஆறு மாதத்தில் சம்பளம் போதவில்லை என்பாரோ? தன்னைவிட வயதில் சின்னவனான என் மகன் சொன்னால் இவர் கேட்பாரோ? இந்த மூன்றையும் அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். மரியாதையாக "உங்க அளவுக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்.

உங்கள் பயோடேட்டாவின் கடைசிப் பக்கத்தில், அடியில், ஒரு வரி இருக்கிறது. மேனேஜர் ஆவதற்கு முன் ஸ்டோர் அசிஸ்டென்ட்டாக இருந்து, தினசரி இருப்புக் கணக்கு முடித்தது, எடை மேடைச் சீட்டையும் லாரி சலானையும் ஒப்பிட்டது. அதுதான் மேலே வரவேண்டும். மேனேஜர் வேலையை மறைக்கவேண்டாம், பதவிப் பெயரும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அதன் கீழே கிளை திறந்த கதைக்குப் பதிலாக, மாத இருப்பில் வித்தியாசம் வந்தபோது எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். மொத்தமும் ஒரு பக்கம் போதும். மேலே ஒரு சின்னக் கடிதம் வையுங்கள், ஏறக்குறைய இப்படி:

"ஐயா, உங்கள் ஆலையின் ஸ்டாக் இன்சார்ஜ் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். நெல் வரவு, சாக்கு, தவிடு, குருணை இருப்பு எல்லாம் தினமும் அன்றன்றே கணக்கு முடித்துக் கொடுக்க என்னால் முடியும். ஸ்டோரில் நான் நேரடியாகச் செய்த வேலை அதுவே. அம்மாவுக்காக மன்னார்குடியில் குடும்பத்தோடு குடியேறிவிட்டேன், பிள்ளையை இங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று. கடைசியாக மேனேஜராக இருந்தேன். இப்போது தேடுவது மேனேஜர் வேலை அல்ல. சம்பளம் 25,000-லிருந்து 28,000-க்குள் எதிர்பார்க்கிறேன். சம்பா வரவு முடியும்வரை விடுப்பு எடுக்கமாட்டேன்."

பிள்ளையின் பள்ளி விஷயம் ஏன் என்று கேட்கலாம். "நிரந்தரமாக இருப்பேன்" என்று யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். பள்ளியில் சேர்த்தது, வீடு பார்த்தது, கூட்டு நிலத்தில் பயிர் வைத்தது, இவையெல்லாம் அவர் ஊரில் விசாரித்தால் தெரியவரும் விஷயங்கள். விசாரிக்கக்கூடிய காரணத்தைத்தான் அவர் நம்புவார். பொய்யாக ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள், இந்த ஊர்களில் அது ஒரு வாரம் தாங்காது.

கடைசி வரியைச் சும்மா அலங்காரத்துக்கு எழுதச் சொல்லவில்லை. டெல்டாவில் ஆலைக்கு நெல் பெருவாரியாக வருவது இரண்டு காலம், குறுவை முடிந்தும் சம்பா முடிந்தும். ஆலையில் எப்போது மூச்சு விட நேரம் இருக்காது என்று தெரிந்தவர் எழுதிய வரி அது. அம்மாவின் உடல்நிலையால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஆத்திரஅவசரத்துக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

திருவாரூரிலிருந்து ஒருவர்: இவ்வளவு எதற்கு? பெரிய வேலைகளையெல்லாம் பயோடேட்டாவிலிருந்து தூக்கிவிட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன், வேலையும் கிடைத்தது.

பாதி சரி. பழைய, சம்பந்தமில்லாத வேலைகளை ஒரே வரியில் சுருக்கலாம், மேல்படிப்பைக் கடைசிக்குத் தள்ளலாம். இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் கடைசியாகப் பார்த்த வேலையையே காணாமல் செய்வது வேறு. நடுவில் ஏழெட்டு வருடம் வெற்றிடமாகத் தெரியும். அந்த நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பொய் சொல்லவேண்டிவரும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் பெரும்பாலும் பிஎஃப் உண்டு. சேரும்போது பழைய யுஏஎன் எண்ணையும் முந்தைய இடத்தை விட்ட தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கவேண்டும். நிதியாண்டின் நடுவில் சேர்ந்தால், வரிப் பிடித்தத்துக்காக முந்தைய சம்பள விவரமும் கேட்பார்கள். உங்களுக்கு இதுவரை யாரும் பார்க்காமல் போயிருக்கலாம். பார்த்தால் வேலை தெரியாதவர் என்று சொல்லமாட்டார்கள், மறைத்தவர் என்பார்கள். ஊரில் அந்தப் பெயர் அடுத்த ஆலைக்கும் போய்ச் சேரும்.

பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் பி.இ. முடித்திருக்கிறேன். குரூப் 4 எழுதலாம் என்று இருக்கிறேன். படிப்பு அதிகம் என்று தள்ளிவிடுவார்களா?

இது வேறு விஷயம் தம்பி, ஆனாலும் சொல்கிறேன். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு என்பது குறைந்தபட்சத் தகுதி, பட்டதாரிகள் ஏராளமாக எழுதுகிறார்கள். நீங்களும் எழுதலாம், படிப்பை உள்ளபடி குறிப்பிடுங்கள்.

அறிவிப்பை மட்டும் வரிக்கு வரி படியுங்கள். சில பதவிகளுக்கு மேல் வரம்பும் இருக்கும். ஒரு பொதுத்துறை வங்கி பியூன் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கவேண்டும், பட்டதாரியாக இருக்கக்கூடாது என்று அறிவித்திருந்தது. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்த ஒருவருடைய வழக்கில், 2020-ல் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. திருவாரூர்க்காரருக்கும் இது உதவும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு ஆசிரியை: திருச்சியில் வைஸ் பிரின்சிபாலாக இருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகம். பிரின்சிபால் என்னைவிட இளையவர். "எனக்குக் கீழே வேலை பார்க்க உங்களுக்குச் சங்கடமாக இருக்காதா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"இருக்காது மேடம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவருக்கு நம்பிக்கை வராது அம்மா. நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். நிர்வாகத்தில் இருந்தபோது உங்களுக்கு உடன்பாடில்லாத ஒரு முடிவை மேலிடம் எடுத்து, அதை நீங்கள் வகுப்பில் நடத்திக்காட்டிய சம்பவம் ஏதாவது நிச்சயம் இருக்கும். அதை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "டைம்டேபிள், பெற்றோர் கூட்டம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். இப்போது வகுப்பறைதான் வேண்டும்" என்று சேருங்கள், அது உண்மையாக இருந்தால்.

இன்னொன்று, இதில்தான் அனுபவசாலிகள் சறுக்குகிறார்கள். டெமோ வகுப்பு முடிந்ததும் பள்ளியைச் சுற்றிக் காட்டுவார்கள். "எங்கள் பள்ளியில் இதை இப்படிச் செய்வோம், நீங்கள் ஏன் அப்படிச் செய்யக்கூடாது" என்று நல்லெண்ணத்தில் வாயில் வந்துவிடும். அன்றைக்கு ஒரு யோசனையும் சொல்லாதீர்கள். எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்தில் திணறுகிறார்கள், திருத்தும் நோட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்பார்கள் என்று கேளுங்கள். அந்த வேலையைச் செய்யப்போகிறவர் கேட்கும் கேள்விகள் அவை.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்: எங்கள் மாமா ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு ரொம்ப வேண்டியவர். அவரே பேசிவிட்டார். ஆனால் போனால் முதலாளி ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்க்கிறார். நான் 65,000 வாங்கியவன். சம்பளம் கேட்டார், "நீங்க பார்த்து எது கொடுத்தாலும் சரி" என்றேன். பிறகு பேச்சே இல்லை.

மாமா என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. "பையன் கஷ்டப்படுறான், ஏதாவது ஒரு வேலை போட்டுக் கொடுங்க." இங்கே பாதி வேலை தெரிந்தவர் மூலம்தான் கிடைக்கிறது, அதனால் மாமாவைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். அவர் பேசப்போகும் முன் இரண்டு வாக்கியம் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்: எந்த வேலை, ஏன் உங்களுக்குத் தெரியும். "உங்க பில்லிங் செக்‌ஷனுக்கு ஆள் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன், என் மருமகன் அதைப் பல வருஷம் பார்த்தவன்." அவ்வளவுதான். கஷ்டக்கதை ஒரு வார்த்தை வேண்டாம்.

"எது கொடுத்தாலும் சரி" என்பது அடக்கமாகத் தோன்றும். கேட்பவருக்கு இரண்டில் ஒன்று புரியும்: இவருக்கு வேறு வழியே இல்லை, அல்லது இன்னொரு இடம் கிடைக்கும்வரை ஒதுங்க வந்திருக்கிறார். தொகையாகச் சொல்லுங்கள். அந்தக் கடையில் அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். 22,000 என்றால், "22-லிருந்து 24 வரை எனக்குச் சரிவரும். வாடகை கிடையாது, சொந்த வீடு. கடன் முடித்தாயிற்று" என்று சொல்லலாம். 65,000 வாங்கியதைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, உடனே இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். கடன் இன்னும் ஓடுகிறது, 22-ல் குடும்பம் நடக்காது என்றால் அந்த வேலைக்குப் போகாதீர்கள். அவருடைய பயம் உண்மையாகிவிடும்.

இப்போது செய்யக்கூடியது: ஒரு வாரம் விட்டு நீங்களே, மாமா இல்லாமல், ஒருமுறை நேரில் போய் இதைச் சொல்லுங்கள். தினமும் போன் வேண்டாம். அதே கடையில் பில்லிங், ஸ்டாக், சூப்பர்வைசர் என்று மூன்று வேலைக்கும் கேட்கவும் வேண்டாம்.

மன்னார்குடிக்காரர் மறுபடி: நன்றி. போய்ப் பேசிப்பார்க்கிறேன். அவர் மனம் இறங்கியதா இல்லையா என்று அங்கேயே எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் வேலை இல்லை என்று அர்த்தம் சார். "காலையில் ஆறு மணிக்கு லாரி வந்தால் வருவீங்களா, தூசி ஒத்துக்குமா, என் பையன்கிட்டதான் கணக்குக் காட்டணும்" என்று குறுக்குக் கேள்வி கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள். தூசி ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண்: இப்படியெல்லாம் சொல்லிச் சேர்ந்து, நாலாவது மாதம் பழைய அளவில் ஒரு வேலை வந்தால்? எனக்கு அதுதான் நடந்திருக்கிறது. இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தஞ்சாவூரில்தான் அந்த வேலை.

இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. போகக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பி எடுத்தவரின் இழப்பையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பிறகு வரும் பெரிய பதவிக்காரரை அவர் வாசலிலேயே அனுப்பிவிடுவார், அதுவும் உண்மை. புது இடத்தில் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒரு மாதம் கிடைத்தால், உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். எதுவாக இருந்தாலும் முதலாளிக்கு உங்கள் வாயால் முதலில் தெரியட்டும்.