அப்பாவுக்கு வந்திருப்பது சோம்பல் அல்ல

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மூன்று மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. முதல் மாதம் பிசியோவுக்கு ஆர்வமாகப் போனவர் இப்போது கட்டிலை விட்டு எழ மாட்டேன் என்கிறார். நாள் முழுக்க மின்னல் எஃப்எம் கேட்டவர், ரேடியோவை நிறுத்தச் சொல்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. சாமி பாட்டு கேட்டால் அழுகிறார். போன வாரம் ‘நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்றார். பிசியோ செய்பவரோ சோம்பேறித்தனம் என்கிறார். இடது கண் இமை துடிப்பது அடுத்த ஸ்ட்ரோக்குக்கு அறிகுறி என்று இணையத்தில் படித்தேன். தூக்கத்துக்கு அத்தையின் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கிறோம், ஞாபகசக்திக்கு ஜிங்கோவும் உண்டு. சர்க்கரைக்கு இன்சுலின், அடைப்புக்கு குளோபிடோக்ரெல் ஓடுகிறது. அப்பா மனசை விட்டுவிட்டாரா, டாக்டர்? – வாசகி, பிறை, பினாங்கு

பதில்: இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரைகளையும் இன்சுலினையும் அப்பாவின் கட்டிலருகே இருந்து எடுத்து, நீங்கள் மட்டும் திறக்கும் அலமாரியில் வையுங்கள். வேளாவேளைக்கு நீங்களே கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். தலையணைக்கு அடியிலும் சட்டைப் பையிலும் சேர்த்து வைத்த மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: ‘அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி ஆகாது. கேட்கிற ஆள் கிடைத்ததில் பாரம் குறைவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பேச்சு குழறுவதால் நீளமான பதிலை எதிர்பார்க்காதீர்கள். தலையசைக்கட்டும், இல்லையென்றால் இடது கையால் உங்கள் கையை அழுத்தட்டும். ‘ஆமாம்’ என்று சொல்லி, எப்படி என்பதையும் யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ‘இல்லை’ என்றாலும் இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். போலீஸ், கேஸ் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-லேயே நீக்கப்பட்டுவிட்டது. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள். அப்பாவால் பேச முடியாவிட்டால் நீங்கள் பேசுங்கள்.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இமை துடிப்பது ஸ்ட்ரோக் இல்லை. ஸ்ட்ரோக் என்றால் திடீரென்று வாய் கோணும், ஒரு பக்கம் வலுவிழக்கும், பேச்சு மாறும். அப்போது இணையத்தைத் திறக்காமல் 999-ஐ அழையுங்கள். ஜிங்கோவை நிறுத்துங்கள். போன நினைவை அது மீட்டுத் தராது, குளோபிடோக்ரெலோடு சேரும்போது ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். அத்தையின் தூக்க மாத்திரையைக் கொடுத்தது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. வலது கால் விழுந்த மனிதர் அரைத்தூக்கத்தில் கழிவறைக்கு நடந்தால் இடுப்பெலும்பு முறியும், மறுநாள் பிசியோவில் மூளையும் மந்தமாக இருக்கும். இரண்டு மூன்று நாள்தான் கொடுத்தீர்கள் என்றால் இன்றோடு விடுங்கள். வாரக்கணக்கில் கொடுத்திருந்தால் மாத்திரையின் பெயரை டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். சாமி பாட்டுக்கு வரும் அழுகை பொசுக்கென்று வந்து, பேச்சை மாற்றினால் ஒரு நிமிடத்தில் அடங்குகிறதா? ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அழுகையை அடக்கும் பிடி தளர்வதும் உண்டு. அழுகையை மட்டும் வைத்து மனச்சோர்வு என்று நான் முடிவு செய்ய மாட்டேன்.

நான் கவனிப்பது அந்த ரேடியோவை.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒருவர் கட்டிலிலேயே கிடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல்தான் தெரியும். ஒன்று களைப்பு. இவர் ரேடியோவைத் தானே போடச் சொல்வார், பிடித்த பாட்டுக்கு முகம் மலரும், அரை மணி நேரத்தில் கண் சொருகிவிடும். ‘மனசு வருது, உடம்பு வரல’ என்பார். காலையில் தெம்பாக இருப்பவர் பிசியோ முடிந்ததும் துவண்டுவிடுவார், ஓய்வு கொடுத்தால் கொஞ்சமாவது மீண்டு வருவார்.

இரண்டாவது, எதையும் தொடங்கத் தோன்றாத நிலை. மூளையின் முன்பகுதியும் அதோடு இணைந்த ஆழ்பகுதிகளும் பாதிக்கப்பட்டால், ஒரு செயலைத் தொடங்கும் உந்துதல் போய்விடும். இவர் ரேடியோவைப் போடச் சொல்ல மாட்டார். நீங்களாகப் போட்டால் கேட்பார், நிறுத்தினாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார், ‘கையைத் தூக்குங்க’ என்றால் தூக்குவார், சொல்வதை நிறுத்தினால் கையும் நின்றுவிடும். அவருக்குத் துக்கம் இருக்காது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் துக்கம். இதற்கு மனச்சோர்வு மாத்திரை பெரிதாக உதவாது. நேரம் குறித்து, கூடவே நின்று சொல்லிச் சொல்லிச் செய்ய வைப்பதுதான் வழி.

மூன்றாவது மனச்சோர்வு. இவர் ரேடியோவை நிறுத்தச் சொல்வார், ஏனென்றால் பிடித்த பாட்டே அவரைக் குத்துகிறது. விடியுமுன் விழிப்பு, குறைந்துபோன சாப்பாடு, தான் ஒரு பாரம் என்ற எண்ணம், இவை பெரும்பாலான நாள்களில், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் நாங்கள் அதைச் சோகம் என்று விட்டுவிடுவதில்லை. உங்கள் கடிதத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. இன்னொன்றையும் பாருங்கள்: தொடங்கத் தோன்றாத நிலை பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அப்பாவோ முதல் மாதம் ஆர்வமாகப் போயிருக்கிறார், அப்புறம்தான் சரிந்திருக்கிறார். மூன்றும் ஒருவரிடம் கலந்திருப்பதும் உண்டு, அதனால் நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் சோம்பேறித்தனம் என்ற சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதிலும் முதல் வருடத்தில்தான் அதிகம்.

பிசியோவை இது எப்படிக் கெடுக்கிறது என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். ஜெலுத்தோங்கிலிருந்து வந்த அம்மா, 58 வயது, இடது கை விழுந்திருந்தது. மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் குவளையை எட்டிப் பிடித்துத் திரும்ப வைப்பதுதான் அவருக்குக் கொடுத்த பயிற்சி. பிழைத்திருக்கும் மூளைப்பகுதி இதைப் புதிதாகக் கற்க வேண்டும் என்றால், தினமும் பல பத்து தடவை, கையையே பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். அவர் ஆறாவது தடவையிலேயே ‘இது வராது’ என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். குவளை நழுவினால் நமக்கு அது ஒரு தவறிய முயற்சி. அவருக்கோ தன்னால் எதுவும் ஆகாது என்பதற்குக் கிடைத்த இன்னொரு சாட்சி. கவனமில்லாமல் செய்த பயிற்சி மூளையில் பதியாது, ராத்திரித் தூக்கம் கெட்டால் பகலில் கற்றதும் சரியாகத் தங்காது. அசைக்காத தோள் இறுகி வலி எடுத்தது, வலியால் இன்னும் அசைக்கவில்லை. அட்டையில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி, வாரத்துக்கு இரண்டு முறை இருந்த பிசியோவை மாதம் ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். கை, கால் வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான், அதில் ஆறு வாரம் இப்படியே போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

அவருக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்கினேன். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கனவே ஹைட்ரோகுளோரோதையசைட் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம் என்பதால் இரண்டாவது வாரம் பரிசோதித்தோம். 128-க்கு இறங்கியிருந்தது. ஹைட்ரோகுளோரோதையசைடை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றியதும் சோடியம் ஏறியது. அது தெரியாமல் விட்டிருந்தால், வந்திருக்கக்கூடிய தலைசுற்றலையும் குழப்பத்தையும் வீட்டில் ‘மனநோய் மாத்திரையின் வேலை’ என்று சொல்லி மருந்தையே குப்பையில் போட்டிருப்பார்கள். நான்காவது வாரத்தில் மகளிடம் மைலோ கேட்டாராம். எட்டாவது வாரத்தில் குவளையை முப்பது தடவை எடுத்து வைத்தார். கை முழுதாகத் திரும்பவில்லை. சேலை மடிப்பைப் பிடிக்கிற அளவுக்கு வந்தது.

‘அப்படியானால் அந்த மாத்திரைதான் கையைச் சரியாக்குகிறதா?’ என்று கேட்பீர்கள். இல்லை. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஸ்ட்ரோக் வந்த 3,127 பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறதா என்று பாராமல், ஃபுளூவாக்ஸடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையோ மருந்தில்லாத வெறும் மாத்திரையோ ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபுளூவாக்ஸடின் எடுத்தவர்களுக்குக் கை காலில் கூடுதல் முன்னேற்றம் இல்லை, எலும்பு முறிவு மட்டும் அதிகமானது. ஆகவே மனச்சோர்வு இருப்பவருக்குத்தான் இந்த மருந்து, கைக்கு அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிப் போடாதீர்கள். குளோபிடோக்ரெலோடு சேரும்போது ரத்தக்கசிவைப் பார்க்க வேண்டும், எந்த மருந்து பொருந்தும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

சரி, உங்கள் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். அப்பா எத்தனை மணிக்கு விழித்தார், தட்டில் எவ்வளவு மிச்சம், ரேடியோவைப் பற்றி என்ன சொன்னார், பாரம், சாவு என்று ஏதாவது சொன்னாரா என்று நாளுக்கு இரண்டு வரி போதும். பேச்சு குழறுகிறவரிடம் எங்கள் வழக்கமான கேள்வித்தாள் சரிவராது, அப்போது வீட்டார் பார்த்துச் சொல்வதுதான் எங்களுக்குப் பரிசோதனை. போன வாரம் அவர் சொன்ன வாக்கியத்தை முதல் வரியாக எழுதுங்கள், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள், மெட்ஃபோர்மின் எடுப்பவர் என்றால் பி12-ம்.

மருந்து தொடங்கினால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தூக்கமும் பசியும் முதலில் திரும்பலாம், சிரிப்பு பிந்தித்தான் வரும். முதல் வாரங்களில் அலமாரிப் பூட்டைத் தளர்த்தாதீர்கள். ஆறு வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ மனநல மருத்துவரிடம் அனுப்பவோ கேளுங்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

அதுவரை பிசியோவை விட வேண்டாம், சுருக்குங்கள். காலைப் பசியாறி ஒரு மணி நேரம் கழித்து, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து ஐந்தே நிமிடம். வலது கையால் முடியாவிட்டால் இடது கை அதைத் தாங்கட்டும், பத்து தடவை எட்டினால் அன்றைக்குப் போதும். பத்தில் எத்தனை வந்தது என்று அவர் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள். ரேடியோவைக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் கையெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். அவராக அதைப் போடுகிற நாளின் தேதியையும் எழுதி வையுங்கள், மறுமுறை டாக்டர் கேட்பார்.