ஐந்து மாதம் அணைந்து கிடந்த ஸ்விட்ச்

"கொழிஞ்சாம்பாறை வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை வைத்துவிட்டு ஐந்து மாதம் விடுதிக்குப் போகிறேன். போன முறை முழு சார்ஜ் ஏற்றி, ஸ்லீப்பில் போட்டு, அலமாரியின் மேல் வைத்தேன். திரும்பியபோது உயிரே இல்லை. சார்ஜரில் வெகுநேரம் கிடந்த பிறகே திரை வந்தது. என்ன தவறு?"

முதன்மையான தவறு ஸ்லீப்தான். அந்த நிலையில் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் பேட்டரி சில வாரங்களில் வற்றிவிடும். அதன் பிறகும் மாதக்கணக்கில் மிச்ச மின்சாரம் தானாகக் கசிந்து, லித்தியம் செல்லின் அழுத்தம் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல்லின் உட்புறம் கெடத் தொடங்கும். உங்களுடையது மீண்டது நல்லூழ் என்றே சொல்வேன்.

இம்முறை பாதியளவு சார்ஜ் வைத்து, பவர் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, Power Options பகுதியில் Turn Off கொடுத்து முழுமையாக அணைத்துவிடுங்கள். முழு சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டை ஒட்டி, வெப்பத்தில் கிடக்கும் செல் விரைவாகக் கொள்ளளவை இழக்கும். பாலக்காட்டுப் பக்கத்துப் பங்குனி வெயிலில் ஓட்டுக்கூரையை ஒட்டிய அலமாரி உச்சியைவிட, தரையோரம் உள்ள கீழ்த்தட்டே மேல்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யுமாறு நிண்டெண்டோவே சொல்கிறது. உங்கள் கணக்கு ஐந்து மாதம் என்றாலும், நடுவில் வீட்டாரிடம் ஒருமுறை பாதிவரை ஏற்றச் சொல்வது நல்லது. பக்கவாட்டில் மாட்டும் ஜாய்கான் கைப்பிடிகளுக்குள் தனித்தனிப் பேட்டரிகள் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்கும் இதே முறைதான்.

திரும்பி வந்ததும் கருவியை மேசைமீது வைத்துப் பாருங்கள். பின்பக்கம் புடைத்து ஆடினாலோ, திரையின் விளிம்பு தூக்கியிருந்தாலோ சார்ஜரில் செருகாமல், பேட்டரியை மாற்றக் கொடுத்துவிடுங்கள்.