32 செய்ய முடிந்தும் 30 ஏன் தேங்குகிறது?

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் ஐ.டி. உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் நான்கு பேர். ஒரு டிக்கெட்டுக்கு, அதாவது ஊழியர் அனுப்பும் ஓர் உதவிக் கோரிக்கைக்கு, சராசரியாக ஒரு மணி நேரம் போகும். எட்டு மணி நேர வேலை என்பதால் நாளுக்கு 32 முடிக்கலாம். முன்பு நாளுக்கு 26 அளவில் வந்தது, ஒரு மணி நேரத்துக்குள் ஆளைப் பிடித்துவிடுவோம். இப்போது 30 வருகிறது. இன்னும் இரண்டுக்கு இடம் இருந்தும் காலையில் அனுப்பியவர்கள் பின்னேரம் வரை காத்திருக்கிறார்கள். "எல்லோரும் சோம்பேறியாகிவிட்டார்கள்" என்கிறார் முகாமையாளர். உண்மையில் என்னதான் நடக்கிறது?

பதில்: உங்கள் ஆட்களில் பிழை இல்லை. அந்த "இரண்டுக்கு இடம்" என்பதைத்தான் வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

டிக்கெட்டுகள் மணிக்கு நான்கு என்று ஒழுங்காக வருவதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட வராது, அடுத்த மணி நேரத்தில் எட்டு வரும். வேலையும் அப்படித்தான். கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம், புதிய மடிக்கணினியைத் தயார் செய்ய மூன்று மணி நேரம். எதுவும் வராத வேளையில் கையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தைச் சேமித்து வைத்து, எட்டு வந்தபோது எடுத்துப் பாவிக்க முடியாது. அது போனது போனதுதான். ஆனால் எட்டு வந்தபோது சேர்ந்த வரிசை அப்படிப் போய்விடாது, யாராவது முடிக்கும் வரை நிற்கும்.

அந்த வரிசையைக் கரைப்பது உங்களிடம் மிஞ்சியிருக்கும் சக்தி மட்டும்தான். ஒரு நாள் வழக்கத்தை விட ஆறு டிக்கெட் அதிகமாக வந்து தேங்கிவிட்டது என்று வைப்போம். நாளுக்கு 26 வந்த காலத்தில் உபரி ஆறு, ஆகவே ஒரே நாளில் கரைந்துவிடும். இப்போது 30 வருகிறது, உபரி இரண்டு. அதே ஆறைக் கரைக்க மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாளுக்குள் இன்னொரு நெரிசல் வராமலா போகும்? பழையது கரையும் முன் புதியது மேலே ஏறிவிடுகிறது. வரவு கூடியது ஏறத்தாழ 15 சதவீதம், ஆனால் உபரி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. காத்திருப்பு உபரியின் பின்னால்தான் போகிறது.

இதைக் கணக்காகவே போடலாம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர் 1917-இல் இதற்கொரு சூத்திரம் வெளியிட்டார். வரவும் வேலை நேரமும் இயல்பாக ஏறி இறங்குகின்றன என்று எடுத்துக்கொண்டு உங்கள் நான்கு பேருக்கு அதைப் போட்டால், ஒரு டிக்கெட் யாராவது தொடும் வரை காத்திருக்கும் சராசரி நேரம் கிடைக்கும். நாளுக்கு 22 வந்தால் 20 நிமிடம். 26 வந்தால் 50 நிமிடம், அதாவது உங்கள் பழைய நிலை. 28-இல் ஒன்றரை மணி நேரம். 30-இல் மூன்றரை மணி நேரம். 31 ஆனால் ஏழரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள். 22-க்கும் 26-க்கும் இடையில் நான்கு டிக்கெட் கூடி அரை மணி நேரம்தான் ஏறியது. 30-இலிருந்து 31-க்குப் போக ஒரே ஒரு டிக்கெட், நான்கு மணி நேரம் ஏறுகிறது. சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் உபரி வீதம் நிற்கிறது, அது பூச்சியத்தை நெருங்க நெருங்க விடை இப்படித்தான் பாயும். 32-ஐத் தொட்டால் சராசரி என்றே ஒன்று கிடையாது, வரிசை நீண்டுகொண்டே போகும்.

உங்கள் பதிவேட்டில் இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. காத்திருக்கும் டிக்கெட்டுகளின் சராசரி எண்ணிக்கையை மணிக்கு வரும் டிக்கெட்டால் வகுத்தால் சராசரி காத்திருப்பு வரும். இதை லிட்டில் விதி என்பார்கள், யாரும் இன்னும் தொடாத டிக்கெட்டுகளை மட்டும் எண்ணுங்கள். நாளுக்கு 30 என்றால் மணிக்கு 3.75. ஒரு கிழமைக்கு மணிக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், சராசரி 13 அளவில் நின்றால் மேலே சொன்ன மூன்றரை மணி நேரம் அப்படியே வரும். 25, 30 என்று நின்றால் உங்கள் உண்மையான கொள்ளளவு 32 இல்லை என்று அர்த்தம்.

பெரும்பாலும் இல்லைதான். காலையில் அரை மணி நேரக் கூட்டம் வைக்கிறீர்களா? நான்கு பேருக்கு அரை மணி வீதம் இரண்டு மணி நேரம், அதாவது இரண்டு டிக்கெட். உங்களிடம் இருந்த உபரி முழுவதும் அந்தக் கூட்டத்திலேயே போய்விட்டது! ஒருவர் ஒரு நாள் லீவு எடுத்தால் அன்று 24 தான் முடியும், ஆறு தேங்கும், அது கரைய மூன்று நாள். போயா தினத்தில் அலுவலகம் பூட்டியிருக்க, வெளிநாட்டுக் கிளையிலிருந்து பத்து மின்னஞ்சல் வந்து கிடந்தால் ஐந்து நாள். 32-இல் 30 என்று முகாமையாளர் தாளில் பார்க்கும் 94 சதவீதம் நடைமுறையில் 100-ஐத் தாண்டியிருக்கக் கூடும்.

சரி, என்ன செய்வது? ஐந்தாவது ஆள் வந்தால், அதே 30 டிக்கெட்டுக்குக் காத்திருப்பு மூன்றரை மணி நேரத்திலிருந்து 22 நிமிடத்துக்கு இறங்கும். ஆட்களைக் கூட்டியது 25 சதவீதம், காத்திருப்பு பத்தில் ஒரு பங்கு. ஏறும்போது பாய்ந்த அதே வளைவு இறங்கும்போதும் உதவுகிறது. சம்பளத்துக்குப் பணம் இல்லை என்றால் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கப் பாருங்கள். மூன்று மணி நேர மடிக்கணினி வேலைகளை வரிசையில் விடாமல், "வியாழன் காலை கொண்டு வாருங்கள்" என்று நேரம் குறித்துக் கொடுங்கள். எல்லா டிக்கெட்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தாலே காத்திருப்பு பாதி அளவுக்குக் குறையும், ஆட்கள் கூடாமலே. வரவையும் நேரம் குறித்து ஒழுங்காக்கினால் இன்னும் குறையும்.

"அவசரம்" என்று முன்னுக்கு நகர்த்துவதை மட்டும் மருந்தாக நம்பாதீர்கள். அவர் முன்னே போக மற்றவர் பின்னே போகிறார், சராசரி அப்படியே. ஐந்து நிமிட வேலைகளை முதலில் முடிப்பது மட்டும் விதிவிலக்கு, அது சராசரியைக் குறைக்கும். ஆனால் பெரிய வேலைக்காரர் பாவம், அவர் கடைசி வரை நிற்பார்.

"எல்லோரும் எப்போதும் வேலையில் இருக்க வேண்டும்" என்பதை இலக்காக முகாமையாளர் வைத்திருந்தால், அவர் கேட்பது முடிவில்லாத வரிசையைத்தான். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நிறுத்துவதே என் கணிப்பில் நல்லது, அது உங்கள் பழைய 26 தான். பெரிய கோல் சென்டர்களைக் காட்டி வாதாடுவார். இருபது பேர் ஒரே வரிசையைப் பகிர்ந்தால் இதே 94 சதவீதத்தில் காத்திருப்பு அரை மணி நேரத்துக்குச் சற்றுத்தான் கூடும், ஏனென்றால் இருபது பேரில் யாராவது ஒருவர் சீக்கிரம் ஓய்ந்துவிடுவார். ஆகவே உங்கள் நிறுவனத்தில் இன்னொரு கிளையின் உதவிக் குழு தனியாக இயங்கினால், புது ஆள் கேட்கும் முன் இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.