கொழும்பில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் பாதீடு: கேட்டதும் சொன்னதும்

கொழும்பில் தனியார் பாடசாலைகளின் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவரிடம் கேட்டவை.

வெள்ளவத்தையிலிருந்து, பாடசாலைச் செயலாளர்: அக்கா, எங்களிடம் 220 பிள்ளைகள், 18 ஊழியர்கள். தவணைக் கட்டணம் 35,000. ஒவ்வொரு வருடமும் போன வருடக் கணக்கில் பத்து வீதம் கூட்டிப் பாதீடு என்று முகாமைக் குழுவுக்குக் கொடுக்கிறோம். ஆகஸ்ட் வந்தால் சம்பளத்துக்குக் காசில்லை. எங்கே பிழை?

பத்து வீதத்தை விடுங்கள், முதலில் வரவைப் பார்ப்போம். மூன்று தவணைக்கும் சேர்த்தால் 2 கோடி 31 இலட்சம் வரும், ஆனால் அது நீங்கள் பில் போட்ட காசுதான், கைக்கு வந்த காசு அல்ல. கடந்த மூன்று வருடப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எடுத்து, அந்தந்த வருடத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். உதாரணத்துக்கு 92 வீதம் என்று வைப்போம், அப்போது வரவு 2 கோடி 12.5 இலட்சம். கிட்டத்தட்ட பதினெட்டரை இலட்சம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது, அதை நம்பித்தான் எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்.

இனிக் கட்டாயம் கொடுக்க வேண்டியவை. சராசரிச் சம்பளம் 60,000 என்றால், நிர்வாகம் கட்ட வேண்டிய சேமலாப நிதி, நம்பிக்கை நிதி எல்லாம் சேர்த்து மாதம் 12.42 இலட்சம், வருடத்துக்கு 149 இலட்சம். வாடகை 30, மின்சாரமும் தண்ணீரும் 9, கடதாசி, சோக், மற்ற கற்பித்தல் பொருட்கள் 5, பணிக்கொடைக்கு ஒதுக்குவது 5.4. மொத்தம் 198.4 இலட்சம். மிச்சம் 14 இலட்சம்தான்.

ஆகஸ்ட்டுக்கு வருவோம். காசு மூன்று தடவை மொத்தமாக வருகிறது, சம்பளம் பன்னிரண்டு தடவை போகிறது. ஒரு தவணைக் காசு ஏறக்குறைய 71 இலட்சம், அது நான்கு மாதத்தைத் தாங்க வேண்டும், அந்த நான்கு மாதத்துக்குக் கட்டாயச் செலவே 66 இலட்சம் போய்விடும். ஆக ஒரு தவணையில் உங்களுக்கு இஷ்டப்படி செலவழிக்க இருப்பது ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. வருடக் கணக்கில் பார்த்தால் 14 இலட்சம் இருக்கிறதே என்று இரண்டாம் தவணை தொடங்கும்போதே பத்து இலட்சத்தைச் செலவழித்தால், ஆகஸ்ட்டில் வங்கிக் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, கணக்காளர் என்று சொன்னவர்: சம்பளத்தோடு சேமலாப நிதி 20 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் மேலதிகமாகப் போட வேண்டும், ஆக 23 வீதம். நீங்கள் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

கட்டும் தொகை நீங்கள் சொல்வதுதான், பாதீட்டில் கூடுவது அதுவல்ல. 20இல் 8 வீதம் ஊழியரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது, அது அந்த 60,000க்குள் ஏற்கெனவே இருக்கிறது. நிர்வாகத்தின் கையிலிருந்து போவது 12உம் 3உம், மொத்தம் 15. நீங்கள் சொன்னபடி போட்டால் வருடம் 10 இலட்சத்துக்கு மேல் சும்மா பூட்டி வைத்தது போலாகும். உண்மையில் எல்லோரும் மறப்பது பணிக்கொடையை. 15 ஊழியரோ அதற்கு மேலோ இருந்து, ஒருவர் 5 வருடம் முடித்துப் போனால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பழைய ரீச்சர் ஒருவர் கனடா போகிறேன் என்று கடிதம் தரும் நாளில் அந்தக் காசைத் தேடக் கூடாது.

தெஹிவளையிலிருந்து, அதிபர்: கூரை ஒழுகுகிறது, ஆறரை இலட்சம் கேட்கிறார்கள். விளையாட்டுப் போட்டிக்கு 3 இலட்சம். பெற்றோர் பத்துக் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள், 14 இலட்சம். எதை முதலில் செய்வது? எங்கள் கணக்கும் கிட்டத்தட்ட மேலே உள்ளதுதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் செய்யாவிட்டால் அடுத்த வருடம் செலவு கூடுமா? கூரைக்குக் கூடும். ஒழுக்கு சீலிங்குக்கு வந்து, பிறகு மின்வயருக்கு வரும். கம்ப்யூட்டர் ஒரு வருடம் பொறுக்கும்.

கூரை மே மாத மழைக்கு முன்னால், சித்திரை லீவில் முடிய வேண்டும். ஆனால் ஏப்ரலில் முதல் தவணைக் காசின் வால்தான் இருக்கும். அதனால் பாஸிடம் பாதியை முற்பணமாகவும் மீதியை இரண்டாம் தவணைக் கட்டணம் வந்த பிறகு மே மாதத்திலும் தருவதாக எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு தவணையும் தாங்கும். விளையாட்டுப் போட்டி மூன்றாம் தவணைக்குப் போகட்டும். கடைசியில் நாலரை இலட்சம் மிஞ்சும், அதற்கு மூன்று கம்ப்யூட்டர் வாங்கலாம், நான் வாங்க மாட்டேன். அது பதினொரு நாள் சம்பளம்தான், ஒரு மாதம் கட்டணம் பிந்தினால் அதுதான் கைகொடுக்கும்.

அதே அதிபர்: மூன்றாம் தவணையில் போட்டியா? மழை, அப்புறம் பரீட்சை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது அக்கா.

அது உங்கள் பக்க நியாயம், கணக்கில் அதற்குப் பதில் இல்லை. முதல் தவணையிலேயே வைக்க வேண்டுமென்றால் அனுசரணை தேடுங்கள், அல்லது கூரையின் முற்பணத்தைக் குறையுங்கள். இரண்டும் சரிவராவிட்டால் குழுதான் முடிவெடுக்க வேண்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: மின்சாரப் பில்லை எப்படி மதிப்பிடுவது? 2022க்குப் பிறகு கூடியும் குறைந்தும் தலை சுற்றுகிறது.

ரூபாவில் மதிப்பிடாதீர்கள். கடந்த 12 பில்களிலும் உள்ள யூனிட்டை எழுதி, இப்போதைய கட்டணத்தால் கணக்குப் போட்டு, ஒரு பத்து வீதம் மேலே வையுங்கள். கட்டணம் மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். புதிதாக ஏசி போட்ட வகுப்பு இருந்தால் அதன் யூனிட்டைத் தனியாகச் சேருங்கள்.

வெள்ளவத்தைச் செயலாளர்: செலவைப் பார்க்க எக்செல் வைத்திருக்கிறோம். 26 பத்தி. யாரும் நிரப்புவதில்லை.

ஆறு போதும்: திகதி, தலைப்பு, யாருக்கு, தொகை, நிலை, பில் இலக்கம். உயிர் "நிலை"யில்தான் இருக்கிறது, அதில் இரண்டே சொல்: ஒப்புக்கொண்டது, கொடுத்தது. புறக்கோட்டையில் கதிரைக்கு ஓடர் கொடுத்த அன்றே வரி எழுத வேண்டும், பில் வரும்வரை காத்திருந்தால் ஒதுக்கீடு இன்னும் முழுதாக இருக்கிறது என்று நினைத்து இன்னொருவர் வேறு ஓடர் கொடுப்பார். காசோலை எழுதியதும் அதே வரியில் நிலையை மாற்றுங்கள், புது வரி போட்டால் இரட்டிப்பாகும்.

"செலவு" தாளில் B தலைப்பு, D தொகை, E நிலை. குழுவுக்கான தாளில் A தலைப்பு, B ஒதுக்கீடு. C2, D2, E2 இல் முறையே:

```
=SUMIFS('செலவு'!D:D,'செலவு'!B:B,A2,'செலவு'!E:E,"ஒப்புக்கொண்டது")
=SUMIFS('செலவு'!D:D,'செலவு'!B:B,A2,'செலவு'!E:E,"கொடுத்தது")
=B2-C2-D2
```

தலைப்பை ஒருவர் "மின்சாரம்" என்றும் இன்னொருவர் "கரண்ட் பில்" என்றும் அடித்தால் கூட்டுத்தொகை பேசாமல் குறைந்துவிடும், அதனால் தலைப்புக்கும் நிலைக்கும் டிராப்டவுன் போடுங்கள். சரிபார்க்க மாதக் கடைசியில் "கொடுத்தது" மொத்தத்தை வங்கிக் கூற்றோடு ஒப்பிடுங்கள், மாறாத காசோலைகளைத் தவிர வித்தியாசம் இருக்கக் கூடாது.

அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்: எங்கள் ரீச்சர்மாருக்கும் சேமலாப நிதி போடவா?

இல்லை, உங்களுக்குச் சம்பளம் அரசாங்கம் தருவது, மேலே உள்ளவை தனியார் பாடசாலைக் கணக்கு. உங்கள் பாதீடு அபிவிருத்திச் சங்கக் காசும் தர உள்ளீட்டு ஒதுக்கீடும்தான், விதிகளை வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். செலவுத் தாளை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வரியிலும் கூட்ட அறிக்கையின் திகதிக்கு ஒரு பத்தி சேர்த்து.