பர்ச்சேஸ் மேஜைக்குப் போகும் ஒரு பக்கம்: கேள்வி பதில்

(கோவைப் பக்கம் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் பர்ச்சேஸ் பார்த்துவிட்டு, இப்போது சும்மா இருக்கிறேன். ஜாப் ஆர்டர் கேட்டு பட்டறைகள் பர்ச்சேஸுக்கு அனுப்பும் ஒரு பக்க புரொஃபைல் பற்றிக் கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.)

சிஎன்சி பட்டறை, குறிச்சி: சார், "2009 முதல் தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஏன்?

வருகிற தாளில் பாதி அப்படித்தான் ஆரம்பிக்கும். நான் ஒரு தாளைக் கையில் எடுக்கும்போது மேஜையில் ஏற்கெனவே ஒரு ட்ராயிங் கிடக்கும். அந்த ஜாப் இவர்கள் மெஷினில் ஏறுமா என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு முதல் வரியிலேயே பதில் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்து நான் இப்படி எழுதுவேன்: "பம்ப் ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ் டர்னிங். விட்டம் 12 முதல் 150 மி.மீ, நீளம் 400 மி.மீ வரை. இஎன்8, எஸ்எஸ் 410, கன்மெட்டல். 3 சிஎன்சி, 2 ஷிஃப்ட்." 600 மி.மீ ஷாஃப்ட் தேடுகிறவர் உடனே தாளை வைத்துவிடுவார். வைக்கட்டும், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

அதே பட்டறை: கெப்பாசிட்டி "மாதம் 50,000 பீஸ்" என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

எந்த பீஸ் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 மெஷின், 16 மணி நேரம், 25 நாள்: 1,200 மணி. செட்டிங், டூல் மாற்றுவது, ஆபரேட்டர் லீவு எல்லாம் போக 70 சதவீதம் கிடைத்தால் 840. பழைய கஸ்டமர் வேலைக்கு 500 போகிறது என்றீர்கள். மிச்சம் 340. லோடிங் சேர்த்து 4 நிமிடம் பிடிக்கிற புஷ் என்றால் மணிக்கு 15, மாதம் 5,100.

"தற்போது மாதம் 340 மெஷின் மணி காலி" என்று போடுங்கள். பர்ச்சேஸ்காரர் தன் ஜாப்புக்கு அவரே வகுத்துக்கொள்வார். 50,000 என்றால் நேரில் வந்து மெஷினை எண்ணுவார், அப்புறம் தாளில் உள்ள மற்றதையும் நம்ப மாட்டார்.

ஓசூரிலிருந்து: அண்ணா, டாலரன்ஸ் எவ்வளவு குறைவாகப் போடுகிறோமோ அவ்வளவு மதிப்பு. நாங்கள் பிளஸ் ஆர் மைனஸ் 5 மைக்ரான் போட்டிருக்கிறோம்.

மதிப்புதான், அளந்து காட்ட முடிந்தால். உங்கள் தாளின் கீழே கருவிப் பட்டியலில் 0.01 மி.மீ மைக்ரோமீட்டர் மட்டும் இருக்கிறது. பிளஸ் மைனஸ் 5 என்றால் மொத்தம் 10 மைக்ரான். அது உங்கள் மைக்ரோமீட்டரில் ஒரே ஒரு கோடு! குவாலிட்டிக்காரர் கண்ணில் முதலில் படுவது இதுதான். தினமும் ரன்னிங்கில் எது நிற்கிறதோ அதை எழுதுங்கள். 25 மி.மீ ஷாஃப்டில் h7, அதாவது 21 மைக்ரான் இடைவெளி, பிரச்சினை இல்லாமல் வருகிறது என்றால் அதுவே போதும். பக்கத்தில் எதை வைத்து அளக்கிறீர்கள், காலிபிரேஷன் எப்போது செய்தது என்று ஒரு வரி.

ராணிப்பேட்டை: எங்களுக்கு பேங்கில் புரொஃபைல் கேட்கிறார்கள். மூன்று வருட டர்ன்ஓவரை எங்கே போடுவது?

அது வேறு தாள் அம்மா. பேங்குக்குக் கடன் திரும்புமா என்று தெரிய வேண்டும், இங்கே ஜாப் வருமா என்று தெரிய வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

பெயர் வேண்டாம்: பெரிய கஸ்டமர் லோகோ நாலு போட்டால் தாள் எடுப்பாக இருக்கும் என்கிறார் டிசைனர்.

எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? எனக்கு சப்ளை செய்த ஒருவர் எங்கள் லோகோவோடு எங்கள் ட்ராயிங் பார்ட்டின் போட்டோவையும் போட்டு, அதை எங்கள் போட்டிக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டார். அதோடு அவருக்குப் புது ஆர்டர் நின்றது. "பம்ப் தொழிற்சாலை 2, 6 வருடமாக" என்று எழுதினாலே புரியும்.

திருமுடிவாக்கம்: உத்யம் எண்ணைப் போடவே கூடாது. 45 நாளில் பணம் தர வேண்டுமே என்று பெரிய கம்பெனி ஒதுக்கிவிடும்.

பாதி சரி. மைக்ரோ, ஸ்மால் உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வரைக்கும் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. 45 நாள்கூட எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான், இல்லாவிட்டால் 15. இதனால் தயங்குகிறவர்கள் உண்டு. ஆனால் வெண்டர் பதிவு ஃபார்மிலேயே உத்யம் கேட்பார்கள், மறைத்து என்ன பயன்? நான் ஜிஎஸ்டி எண்ணுக்குக் கீழே சின்னதாகப் போடச் சொல்வேன்.

திருமுடிவாக்கம்: முதல் ஆர்டர் வந்தபிறகு சொன்னால் போதாதா?

அதுவும் ஒரு வழி. 90 நாள் கிரெடிட் பேசிப் பழகினவரிடம் பிறகு சொன்னால் கசப்பு வரும், முதலில் சொன்னால் ஆர்டரே வராமல் போகலாம். உங்கள் கஸ்டமர் உங்களுக்குத்தான் தெரியும்.

குறிச்சி: கடைசியாக, வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம், பிடிஎஃப் ஆக. `final_new2.pdf` என்று மட்டும் வேண்டாம். உங்கள் பட்டறைப் பெயரும் "டர்னிங் 150 மிமீ" என்பதும் ஃபைல் பெயரிலேயே இருந்தால், ஆறு மாதம் கழித்து அவசரத்துக்கு ஸ்லீவ் தேடும்போது அகப்படும். போன் நம்பர், ட்ராயிங் பார்த்து ரேட் சொல்லத் தெரிந்தவருடையதாக இருக்கட்டும்.