காரக் குழம்புக்கு எந்த வைன்?

"அடுத்த மாதம் அலுவலக நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மீன் குழம்பு, மட்டன் பிரியாணி, வஞ்சிர வறுவல் செய்யப் போகிறேன். போன முறை நல்ல விலை கொடுத்து கேபர்னே சாவிஞான் வாங்கி வைத்தோம். குழம்போடு குடித்தவர்களுக்கு வாய் எரிந்ததுதான் மிச்சம். இந்த முறை வைனோ பீரோ, எதை வாங்கலாம்?"
– ஒரு வாசகி, டொரண்டோ

கேபர்னேயில் ஆல்கஹால் பெரும்பாலும் 13.5 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டிவிடுவதால் எரிச்சல் ஏறுகிறது. போதாததற்கு, சிவப்பு வைனில் இருக்கும் டானின் என்ற துவர்ப்பு, காரம் பிடித்த நாக்கில் கசப்பாகவும் தெரியும்.

முதலில் மீன் குழம்புக்கு வழி செய்யுங்கள். மூன்றில் அதுதான் சிக்கலானது, காரத்தோடு புளியும் சேர்ந்திருக்கிறது. குழம்பைவிட வைனில் புளிப்பு குறைந்தால் வைன் சப்பென்று ஆகிவிடும். அதனால் இயல்பிலேயே புளிப்பு மிகுந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன்தான் என் தேர்வு. அதிலும் ஜெர்மனியின் மோசல் பகுதியில் வரும் காபினெட் வகையைக் கேளுங்கள். லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8, 9 சதவீதம் என்றிருந்தால், திராட்சைச் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த இனிப்புதான் காரத்தைத் தணிக்கும். 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பு இருக்காது, அதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு ஊற்றுங்கள்.

பீர் விரும்புபவர்களுக்கு ஜெர்மன் பாணி கோதுமை பீர் வாங்கலாம். கசப்பு குறைவு, மெத்தென்று இறங்கும். ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த பீர் வேண்டாம். அதில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் மிளகாயும் சேர்ந்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும்.

வறுவலுக்குக் கவலையே இல்லை. எண்ணெயும் உப்பும் எலுமிச்சையும் இருக்கும் இடத்தில் சாதாரண லாகர் பீரோ, காவா என்ற ஸ்பானிய நுரை வைனில் இனிப்பு குறைந்த ப்ரூட் வகையோ வாயைச் சுத்தமாகக் கழுவிவிடும். சிவப்பு வைனை மட்டும் மீன் பக்கம் கொண்டுவராதீர்கள். சில வைன்களில் இருக்கும் இரும்புச் சத்து மீனோடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

சரி, சிவப்பு வைன்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் பிரியாணிக்குக் கொடுங்கள். நெய்யும் இறைச்சியும் வாசனைப் பொருள்களும் முன்னால் நிற்க, காரம் அதில் பின்னால்தான் இருக்கும். போஜொலே போல டானின் குறைந்த வைனை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். பச்சை மிளகாயை அள்ளிப் போடும் பிரியாணி என்றால் அதற்கும் ரீஸ்லிங்தான்.

அப்புறம், தயிர்ப் பச்சடியைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்து வையுங்கள். யாருக்காவது காரம் தாங்கவில்லை என்றால், கோப்பையை நீட்டாமல் பச்சடியை நகர்த்துங்கள். பாலில் உள்ள புரதம் மிளகாயின் காரப்பொருளைப் பற்றி இழுத்துக்கொள்ளும். வைனுக்கு அந்த வேலை தெரியாது.