‘இதிலிருந்து’, ‘இது வரை’: இரண்டு நெடுவரிசையில் இருக்கும் கூரியர் விலையைத் தேடுவது எப்படி?

கேள்வி: அண்ணே, சாட்ஸ்வர்த்திலிருந்து பூஜைச் சாமானும் மசாலாவும் கூரியரில் அனுப்புகிறோம். கூரியர்காரர் கொடுத்த விலைத்தாளில் அஞ்சல் குறியீட்டுக்கு From, To என்று இரண்டு நெடுவரிசை, பக்கத்தில் மண்டலமும் விலையும். எக்செல்லில் VLOOKUP எழுதி, கடைசியில் TRUE போட்டேன். ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எல்லாம் சரியாக வருகிறது. போர்ட் ஷெப்ஸ்டோனுக்கு உள்ளூர் விலை காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் சூத்திரம் To நெடுவரிசையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதுதான் தப்பு. TRUE போட்ட VLOOKUP செய்வது ஒரே ஒரு வேலை: முதல் நெடுவரிசையில், தேடும் எண்ணைத் தாண்டாத எண்களில் பெரியது எது என்று கண்டுபிடித்து, அந்த வரிசையில் நின்றுவிடும். அந்த வரிசையின் எல்லை எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பிய தாள் நீளமாக இருப்பதால், விஷயம் புரிகிற அளவுக்கு ஐந்து வரிசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விலை ரேண்டில்.

| | A (From) | B (To) | C (மண்டலம்) | D (விலை) |
|---|---|---|---|---|
| 2 | 0001 | 0299 | C | 120 |
| 3 | 1400 | 2199 | C | 120 |
| 4 | 2900 | 4730 | B | 85 |
| 5 | 4001 | 4099 | A | 60 |
| 6 | 7100 | 8099 | D | 140 |

ஃபீனிக்ஸ் 4068. அதைத் தாண்டாத பெரிய From எண் 4001. விலை 60, சரி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் 3201. அது 2900-இல் நிற்கிறது; 85, அதுவும் சரி. இப்போது போர்ட் ஷெப்ஸ்டோன், 4240. தாண்டாத பெரிய எண் மறுபடியும் 4001தான். அந்த வரிசை 4099-லேயே முடிந்துவிட்டது, ஆனால் VLOOKUP அதைக் கண்டுகொள்ளாமல் 60 என்று சொல்கிறது. 85 வாங்கவேண்டிய இடத்தில் பார்சலுக்கு 25 ரேண்ட் உங்கள் கைக்காசு. வெருலம், டோங்காட் பக்கம் போகிற பார்சலுக்கும் இதே கதி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசம் இடைவெளி. ம்போம்பேலாவிலிருந்து, அதாவது பழைய நெல்ஸ்ப்ரூயிட்டிலிருந்து, 1201 என்ற குறியீட்டோடு ஒரு ஆர்டர் வந்தால், தாண்டாத பெரிய எண் 0001. சூத்திரம் 120 என்று தயங்காமல் சொல்லும். ஆனால் 0300 முதல் 1399 வரை இந்த ஐந்து வரிசையில் விலையே கிடையாது. பிழைச்செய்தி எதுவும் வராததால், மாதக் கடைசியில் கூரியர் பில் வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

சரி, From, To இரண்டையும் பார்க்கவைக்கும் வழி இது. விலைத்தாள் Zones என்ற ஷீட்டில் இருக்கிறது, ஆர்டரின் அஞ்சல் குறியீடு B2-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
=XLOOKUP(1;(Zones!$A$2:$A$6<=--B2)*(Zones!$B$2:$B$6>=--B2);Zones!$D$2:$D$6;"இல்லை")
```

இடையில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட்டிருக்கிறேன். நம் ஊர்க் கணினிகளில் விண்டோஸ் தென்னாப்பிரிக்க அமைப்பில் இருந்தால் தசமத்துக்குக் காற்புள்ளி வருகிறது, அதனால் சூத்திரத்தைப் பிரிக்க அரைப்புள்ளி கேட்கும். உங்கள் மகன் லண்டனிலிருந்து எழுதி அனுப்பும் சூத்திரம் உங்கள் கணினியில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்களுடையது காற்புள்ளி கேட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? 4240-ஐ வைத்துப் பாருங்கள். முதல் அடைப்பு ஒவ்வொரு வரிசையையும் ‘From இதைத் தாண்டவில்லையா?’ என்று கேட்கிறது: ஆம், ஆம், ஆம், ஆம், இல்லை. இரண்டாவது அடைப்பு ‘To இதற்குக் குறையவில்லையா?’ என்று கேட்கிறது: இல்லை, இல்லை, ஆம், இல்லை, ஆம். பெருக்கினால் இரண்டும் ஆம் என்ற இடத்தில் மட்டும் 1, மற்ற இடத்தில் 0. அதாவது 0, 0, 1, 0, 0. XLOOKUP அந்த 1-ஐத் தேடி, மூன்றாவது வரிசையின் விலையான 85-ஐக் கொடுக்கும். 1201-க்கு ஐந்தும் 0, அதனால் ‘இல்லை’ என்று வரும்.

அந்த ‘இல்லை’-யை 0 என்று மாற்றிவிடாதீர்கள். 0 என்றால் இலவசமாக அனுப்புகிறோம் என்று அர்த்தம் ஆகிவிடும். நான் ஒருமுறை அழகுக்காக அப்படி மாற்றி, இரண்டு வாரம் தூரத்து ஊர் ஆர்டர்களுக்குக் கூரியர் கட்டணமே வாங்காமல் அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று: பில் மொத்தத்தை SUM போட்டுக் கூட்டினால் அது எழுத்தை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் கூட்டும். `=D2+E2` என்று கூட்டல் குறியால் எழுதினால் #VALUE! என்று கத்தும். இந்த இடத்தில் கத்துவதுதான் நல்லது.

பழைய எக்செல்லில் XLOOKUP இல்லை என்றால் இது அதே வேலையைச் செய்யும்; பொருத்தம் இல்லாதபோது மட்டும் #N/A வரும்:

```
=INDEX(Zones!$D$2:$D$6;MATCH(1;INDEX((Zones!$A$2:$A$6<=--B2)*(Zones!$B$2:$B$6>=--B2);0);0))
```

இப்போது 4068-க்கு இந்தப் புதுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 85 வரும்! VLOOKUP சரியாகச் சொன்னதை இது தப்பாகச் சொல்கிறதே என்று பயப்படாதீர்கள். உங்கள் தாளில் 4001–4099 என்ற உள்ளூர் எல்லை, 2900–4730 என்ற பெரிய எல்லைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாகாணம் முழுக்க B, அதில் டர்பன் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் சலுகை என்று கூரியர்காரர் எழுதியிருக்கிறார். மனிதனுக்கு அது புரியும். சூத்திரத்துக்கு 4068 இரண்டு வரிசைக்குள்ளும் இருக்கிறது, XLOOKUP மேலிருந்து முதலில் கிடைக்கும் 1-ஐ எடுத்துக்கொள்கிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. சுலபமானது, குறுகிய எல்லையை மேலே வைப்பது. Zones ஷீட்டின் E2-இல் `=B2-A2` என்று எழுதிக் கீழே வரை இழுத்து, அந்த E-யை வைத்துத் தாள் முழுவதையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். 4001–4099-இன் அகலம் 98, அது முதல் வரிசைக்கு வந்துவிடும். 2900–4730-இன் அகலம் 1830, கடைசிக்குப் போகும். பெருக்கல் முறைக்கு From நெடுவரிசை ஏறுவரிசையில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதால் இப்படிக் கலைத்துப்போடலாம். VLOOKUP-க்குத்தான் அந்தக் கட்டாயம்.

இன்னொரு வழி, பெரிய எல்லையை உடைப்பது: 2900–4000 B, 4001–4099 A, 4100–4730 B. எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஒரு குறியீடு ஒரே வரிசையில்தான் விழும், யார் எப்படி வரிசைப்படுத்தினாலும் விலை மாறாது. ஆனால் கூரியர்காரர் அடிக்கடி புதுத் தாள் அனுப்புகிறவர் என்றால் ஒவ்வொரு தடவையும் உடைத்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் கடைக்கு முதல் வழி போதும்.

எதை எடுத்தாலும் விலைக்குப் பக்கத்தில் ஒரு காவல் நெடுவரிசை வையுங்கள்:

```
=COUNTIFS(Zones!$A$2:$A$6;"<="&B2;Zones!$B$2:$B$6;">="&B2)
```

எத்தனை வரிசைக்குள் அந்தக் குறியீடு விழுகிறது என்று இது எண்ணிச் சொல்லும். 1 என்றால் நிம்மதி. 0 என்றால் தாளில் இல்லை. 2 என்றால் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது, வரிசை முறை சரிதானா என்று பார்க்கவேண்டும். முதல் வழியை எடுத்தால் உங்கள் உள்ளூர் ஆர்டர்களுக்கு எப்போதும் 2 வரும், அது தெரிந்ததுதான். தெரியாத ஊருக்கு 2 வந்தால்தான் தாளைத் திறக்கவேண்டும்.

அப்புறம் பிரிட்டோரியா. அதன் குறியீடு 0002, முன்னால் பூஜ்யம். எக்செல்லில் அடித்தால் பூஜ்யங்கள் காணாமல் போய் 2 மட்டும் நிற்கும் என்பதால், பலர் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். இணையக் கடையிலிருந்து இறக்கும் ஆர்டர் கோப்பிலும் அது எழுத்தாகவே வரலாம். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால், எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது எக்செல்லின் கணக்கு. அப்படியானால் To சோதனை எல்லா வரிசையிலும் தோற்று, சரியான குறியீட்டுக்கும் ‘இல்லை’ வரும். சூத்திரத்தில் B2-க்கு முன்னால் இரண்டு கழித்தல் குறி போட்டதே இதற்காகத்தான். எழுத்தாக இருக்கும் 0002-ஐ அது எண் 2 ஆக்கிவிடும்.

ஆனால் எழுத்தாக இருப்பது விலைத்தாள் என்றால் அந்தக் கழித்தல் குறிகள் உதவாது. அறிகுறி தெளிவாகவே இருக்கும்: எந்த ஊரைப் போட்டாலும் ‘இல்லை’, காவல் நெடுவரிசை முழுக்க 0. From நெடுவரிசையைத் தேர்ந்து, Data பட்டியில் Text to Columns, உடனே Finish. To-வுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் எண்ணாகிவிடும். பூஜ்யம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றால் செல் வடிவத்தில் `0000` என்று கொடுத்தால் போதும், உள்ளே எண்ணாகவே இருக்கும். காவல் நெடுவரிசை 1 காட்டி, விலை மட்டும் ‘இல்லை’ என்றால் யாரோ சூத்திரத்தில் அந்த இரட்டைக் கழித்தலை அழித்திருக்கிறார்கள். COUNTIFS எழுத்துக் குறியீட்டையும் எண்ணாகவே படித்துக்கொள்ளும், ஒப்பீட்டுக் குறிகள் படிக்காது.

இதே சூத்திரத்தை எடைக்கும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு கவனம். அஞ்சல் குறியீடு முழு எண், 4099-க்கு அடுத்தது 4100. நடுவில் எதுவும் இல்லை. எடை அப்படி இல்லை. தாளில் 0–2 கிலோ, 2,01–5 கிலோ என்று இருந்தால், உங்கள் தராசு காட்டும் 2,004 எதற்குள்ளும் விழாது. தேடும் எடையை `ROUNDUP(F2;2)` என்று இரண்டு தசமத்துக்கு மேலேற்றிவிட்டால் அது 2,01 ஆகி அடுத்த படியில் உட்காரும்.

எல்லாம் போட்டபின் ஃபீனிக்ஸை வைத்துச் சோதிக்காதீர்கள், நடுவில் இருக்கும் எண்ணுக்குத் தப்பான சூத்திரமும் சரியாகவே வரலாம். ஓரங்களைப் போட்டுப் பாருங்கள்: 4000, 4001, 4099, 4100. விலை 85, 60, 60, 85 என்று வரவேண்டும். பிறகு 0299-க்கு 120, 0300-க்கு ‘இல்லை’. கடைசியாக ப்ளூம்ஃபொன்டைனின் 9301. இந்த ஐந்து வரிசையில் அதற்கு ‘இல்லை’ என்றுதான் வரவேண்டும். உங்கள் பழைய VLOOKUP அதைக் கேப் டவுன் விலைக்கு, 140-க்கு, அனுப்பியிருக்கும்.